எம்மெட்டின் பதினெட்டாம் வயதுப் பெட்டி

என் மகனுக்கு ஷெல்பியின் காது. மருத்துவமனையில் அவனை முதன்முதலாகக் கையில் வாங்கியபோதே பார்த்துவிட்டேன். மேல் விளிம்பு கொஞ்சம் வெளியே தள்ளி, சரியாகச் சாத்தாத கதவு மாதிரி இருக்கும். குல்லா போட்டு மூடலாம் என்றால் எங்கள் டொலீடோவில் குளிர் ஆறு மாதம்தான். மிச்ச மாதமெல்லாம் அந்தக் காது என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஷெல்பி அவனைப் பெற்றவள். நான் வளர்க்கிறவள். அவளுக்கு இருபது வயது, எனக்கு நாற்பத்திரண்டு. மூன்று நாள் மடியில் வைத்திருந்துவிட்டு, தத்துக் கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு, என்னிடமும் என் கணவன் கர்ட்டிடமும் கொடுத்தாள். கோடையில் ஒரு முறை, பிறந்த நாளுக்கு ஒரு முறை அவள் வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்று பேச்சு. இங்கே இப்போதெல்லாம் தத்தெடுக்கிறவர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பிள்ளைக்கு அதுதான் நல்லது என்று தத்து அலுவலகத்துப் பெண் சொன்னாள். அவளுக்கென்ன, மூன்றைப் பெற்று வைத்திருக்கிறாள். சொல்வாள்.

பூங்காவில் முகம் தெரியாத பெண்கள் எம்மெட்டின் கன்னத்தைத் தட்டி, "அப்படியே அம்மா ஜாடை" என்பார்கள். நான் மறுத்ததே இல்லை. வீடு வந்து சேரும்வரை அது வாயில் இனித்துக்கொண்டே இருக்கும். வந்ததும் குல்லாவைக் கழற்றுவேன். காது தெரியும். இனிப்பு போய்விடும்.

முதல் பிறந்த நாளுக்குப் பெட்டி வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். விருந்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பொருள் கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு மூடி, பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும் அன்று திறப்பார்கள். தான் குழந்தையாக இருந்தபோது உலகம் எப்படி இருந்தது, யாரெல்லாம் தன்னைச் சுற்றி நின்றார்கள் என்று பிள்ளை பார்த்துச் சிரிக்கும், அழும். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு வேறு கணக்கு இருந்தது.

பதினெட்டு ஆனால் யாரும் யாரையும் பிடித்து வைக்க முடியாது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே அவளிடம் போய்விடலாம். அப்போது அவளுக்கு முப்பத்தேழு. இப்போதைய என்னைவிட இளையவளாக, இடுப்பு இடுப்பாக இருப்பாள். எனக்கு ஐம்பத்தொன்பது, முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் யார் அம்மா என்று அவனுக்குத் தோன்றும்? அந்தக் கேள்வி அவன் மனதில் வரும் முன்பே பெட்டி அவனிடம் பேச வேண்டும். இதோ பார், ஆரம்பத்திலிருந்தே நான்தான் இருந்தேன் என்று அது சொல்ல வேண்டும்.

அதனால் ஒரு குறையும் இல்லாமல் செய்தேன். நான் பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். அடுக்கி வைப்பதும் பெயர் ஒட்டி வைப்பதும் எனக்குப் புதிதில்லை. அட்டைப்பெட்டி வேண்டாம், மரப்பெட்டி வேண்டாம், இரண்டுமே காகிதத்தை அரிக்கும் என்று படித்துவிட்டு, இரண்டு கொக்கி போட்டு இறுக்குகிற எவர்சில்வர் பெட்டி ஒன்று வாங்கினேன். கடிதம் எழுத அமிலம் இல்லாத காகிதம். எழுதுவதற்குப் பென்சில், ஏனென்றால் சாதாரணப் பேனா மை வருடக்கணக்கில் மங்கிப்போகும், பென்சில் மங்காது. ஈரத்தை உறிஞ்ச, செருப்புப் பெட்டியில் வருமே, அந்தச் சின்னச் சின்னப் பொட்டலங்கள்.

கர்ட்டுக்கு அதைத் தோட்டத்தில் மேப்பிள் மரத்தடியில் புதைக்க ஆசை.

"புதையல் மாதிரி இருக்கும் க்ரெட்சன். அவனே மண்வெட்டி எடுத்துத் தோண்டுவான்."

"தோண்டுவான். தோண்டி ஒரு பெட்டி சேத்தண்ணியை எடுப்பான்."

"அவ்வளவு இறுக்கமா மூடியிருக்கே?"

"எவ்வளவு இறுக்கினாலும் மண்ணுக்குள்ள தண்ணி போயிடும். வீட்டை வித்துட்டுப் போனா வேற சனி. எவன் தோட்டத்துல போய்த் தோண்டுவே?"

மாடிப் பரண் கோடையில் கொதிக்கும், நிலவறையில் ஈரம். சூடும் குளிரும் மிஞ்சாத, ஆள் புழங்குகிற இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று எங்கள் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டை ஒழித்தேன். கர்ட் ஒரு பென் டிரைவில் காணொளி போட்டுத் தருகிறேன் என்றான். பதினேழு வருடம் கழித்து அதைச் செருக உலகத்தில் ஓட்டை இருக்குமா என்று கேட்டேன். படமாக அச்சடி, பின்னால் பென்சிலில் பெயர் எழுது என்றேன். எழுதினான். நல்ல மனிதன், சொன்னால் செய்துவிடுவான்.

நான் சேர்த்தவை: மருத்துவமனையில் அவன் கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டை. கை, கால் அச்சு. அந்த வாரம் மளிகைக் கடையில் வாங்கிய பில், ஆனால் பில்லே இல்லை, அதன் நகல். கடையில் அடித்துத் தருகிற அந்த வழுவழுத் தாள் இரண்டு வருடத்தில் வெள்ளையாகிவிடும். அதே காரணத்தால் அவனைத் தூக்கிக்கொண்டு போன முதல் பேஸ்பால் ஆட்டத்தின் சீட்டுக்கும் நகல். பிறந்த அன்று வந்த செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு நகல், அசல் பழுத்துப்போய் பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும் என்பதால். அவன் பிறந்த வருடத்துக் காசுகள், தனி உறையில். அவன் அறைச் சுவரில் அடித்த மஞ்சள் சாயத்தின் மாதிரித் துண்டு. எங்கள் தெருவின் படம், எங்கள் பழைய காரின் படம். அவன் துப்பாமல் தின்கிறவை, துப்புகிறவை என்று ஒரு பக்கம். அப்புறம் என் கடிதம். அதில் அம்மா என்ற சொல்லை எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே வெட்கம், ஆனால் ஒன்றையும் அழிக்கவில்லை.

விருந்து அழைப்பிலேயே எல்லோருக்கும் தெளிவாக எழுதிவிட்டேன். உங்களை நினைவுபடுத்துகிற சின்னப் பொருள் ஒன்று கொண்டுவாருங்கள். ரப்பர் வேண்டாம், அது இளகி ஒட்டும். தின்பண்டம் வேண்டாம், பூச்சி வரும். பாட்டரி உள்ள எதுவும் வேண்டாம், அது கசிந்து சுற்றியிருப்பதையெல்லாம் அரித்துவிடும். ஷெல்பிக்கும் அதே அழைப்புதான் போயிற்று. அவளைக் கூப்பிடாமல் இருக்க முடியாது, அது ஒப்பந்தம்.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை, வெயில் நன்றாக அடித்தது. பின்வாசல் புல்வெளியில் மேசை போட்டு நடுவில் பெட்டியை வைத்தேன். முதலில் வந்தவள் கர்ட்டின் அக்கா ரோண்டா. அவள் வந்தால் தெருமுனை வரை தெரியும். ஒரு கையில் குளிக்கிற தொட்டியில் விடுகிற மஞ்சள் வாத்து, இன்னொரு கையில் மிட்டாய்ப் பொட்டலம்.

வாத்தை வாங்கி முகர்ந்து பார்த்தேன். "ரப்பர்."

"வாத்துடி அது."

"ரப்பர் வாத்து. வேணாம் ரோண்டா. மிட்டாயும் வேணாம்."

"அடிப்பாவி, பதினெட்டு வயசுல மிட்டாய் திங்க மாட்டானா?"

"பதினேழு வருஷத்து மிட்டாயை நீ தின்னு காட்டு, அப்புறம் வைக்கறேன்."

"எல்லைச் சோதனைச் சாவடில வேலைக்குப் போயிருக்கணும் நீ" என்று சொல்லிவிட்டு மிட்டாயை அவளே பிரித்துத் தின்ன ஆரம்பித்தாள். பிறகு பென்சில் கேட்டு வாங்கி, பதினெட்டு வயதில் எம்மெட் எப்படி இருப்பான் என்று விருந்தாளிகள் எழுத நான் வைத்திருந்த அட்டையில், தலைமுடி கொட்டியிருக்கும், அத்தையிடம் கார் கடன் கேட்பான் என்று எழுதினாள். அதை வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த வெள்ளிக் கரண்டியைக் கம்பளித் துணியில் சுற்றியிருந்தார். கம்பளி பட்டால் வெள்ளி கறுக்கும் என்று அவிழ்த்து வேறு துணியில் சுற்றினேன். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே விட்டேன்.

ஷெல்பி கடைசியாக வந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி, கேக் விற்கிற பகுதியில் வேலை. காலை வேலையை முடித்து நேரே வந்திருந்தாள். சட்டையில் பெயர் அட்டை அப்படியே குத்தியிருந்தது, முழங்கையில் மாவு. அந்த மாவோடும் அழகாக இருந்தாள். எம்மெட் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவன் எல்லோரையும் பார்த்துத்தான் சிரிப்பான், குப்பை அள்ள வருகிறவரைப் பார்த்தும் சிரிப்பான். 

"இது பெட்டிக்கு" என்று ஒரு பொருளை நீட்டினாள்.

பழுப்பு நிறக் கரடி பொம்மை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வயிற்றில் இதயம் மாதிரி ஒரு தையல்.

"ஆஸ்பத்திரில இருந்தப்ப வாங்கினேன். அமுக்கினா நான் முனகறது கேக்கும். பாட்டெல்லாம் இல்ல, சும்மா ராகம். அவன் வயித்துல இருக்கறப்ப நான் எப்பவும் முனகிட்டே இருப்பேன்."

அமுக்கினால் சத்தம் வரும் என்றால் உள்ளே பாட்டரி இருக்கும். அது எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அழைப்பை இவள் படிக்கவில்லை என்று நினைத்தேன். அடுத்த நொடியில் அதற்கு அப்பாலும் தெரிந்தது. இந்தக் கரடி பெட்டிக்குள் போனால் மூடியிருக்கிற காலத்தில் பாட்டரி கசியும், உள்ளே இருக்கிற கம்பியெல்லாம் பச்சை பிடித்துச் சாகும். பதினெட்டாம் வயதில் அவன் எடுத்து அமுக்குவான். ஒன்றும் வராது. பெட்டியில் என் கடிதம் பேசும், இவள் பேச மாட்டாள். நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும்.

"அழகா இருக்கு" என்று வாங்கி ஒரு பாலித்தீன் உறையில் போட்டுப் பெட்டிக்குள் ஓரமாக வைத்தேன். கசிந்தால் என் பொருள்களுக்கு எதுவும் ஆகக் கூடாதே.

கர்ட் எட்டிப் பார்த்தான். "ஏய், அதுல பாட்டரி..."

அவன் பாதத்தை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். அவன் என்னைப் பார்த்தான், ஷெல்பியைப் பார்த்தான், காப்பி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டான்.

பிறகு கேக். அவனுக்கென்று ஒரு குட்டிக் கேக்கைத் தனியாக முன்னால் வைத்துவிட்டோம். இரண்டு கையையும் விட்டு அளைந்து, கண்ணில் க்ரீம் போய், வீறிட்டான். நான் தூக்கினேன், துடைத்தேன், ஆட்டினேன், உலாத்தினேன். நிற்கவில்லை. பகல் தூக்கம் தப்பிப்போன அழுகை அது, லேசில் அடங்காது. கர்ட் வாங்கினான், அப்போதும் நிற்கவில்லை. ரோண்டா சும்மா இருப்பாளா? பெட்டியிலிருந்து கரடியை உறையோடு எடுத்து அவன் காதருகே அமுக்கினாள்.

வெறும் முனகல். ம்ம்ம் என்று ஏறி, இறங்கி, முடியாமல் பாதியில் நின்றது. எம்மெட்டும் பாதியில் நின்றான். வாய் திறந்தபடி இருக்க, சத்தம் மட்டும் போய்விட்டது. ரோண்டா மறுபடி அமுக்கினாள். அவன் தலையைக் கர்ட்டின் தோளில் சாய்த்தான்.

"பாத்தியா! ஞாபகம் வச்சிருக்கான்டி" என்று ரோண்டா கத்தினாள். அங்கே இருந்த எல்லோரும் ஆஹா என்றார்கள்.

ஞாபகமாவது மண்ணாவது. தூசி உறிஞ்சுகிற இயந்திரத்தை ஓட்டினாலும் அவன் அழுகையை நிறுத்துவான், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை அங்கே யாரிடம் சொல்ல? ஒரு வருடமாக ராத்திரி பகலாக இந்தத் தோளில் போட்டுத் தட்டியவள் நான். இருபது நொடி முனகலுக்கு இவன் அடங்குகிறான். கரடியை ரோண்டா கையிலிருந்து வாங்கி உள்ளே போட்டேன். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டேன். மூடியைச் சாத்தி இரண்டு கொக்கியையும் அழுத்தினேன். "எம்மெட் வாஸ்லர், பதினெட்டாம் பிறந்த நாளில் திறக்கவும்" என்று தேதியோடு முன்பே ஒட்டியிருந்தேன். ஷெல்பியின் குரலைப் பூட்டியது எனக்கு இதமாக இருந்தது.

பெட்டி கனமாக இருந்தது. தூக்கப் போனபோது இன்னொரு பக்கத்தைப் பிடித்தவள் ஷெல்பி. வேண்டாம் என்றேன். விடவில்லை. இரண்டு பேருமாகப் படுக்கையறை வரை தூக்கிப்போய் அலமாரி முன்னால் கட்டிலில் வைத்தோம். அவள் கதவைச் சாத்தினாள்.

"என்னோடதை நீங்க பாக்கவே இல்லையே" என்றாள்.

"எதை?"

"எல்லாரோடதையும் திருப்பித் திருப்பிப் பாத்தீங்க. அந்த வாத்தை மோந்துகூடப் பாத்தீங்க. என் கரடியை மட்டும் வாங்கி அப்படியே உள்ள வச்சீங்க."

"உன்னை எதுக்குச் சோதிக்கணும்னு..."

"கர்ட் காலை எதுக்கு மிதிச்சீங்க?"

 என் வீட்டில், என் கட்டில் பக்கத்தில், மாவு ஒட்டின முழங்கையோடு நிற்கிற ஒரு சின்னப் பெண் முன்னால் கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றேன்.

"பாட்டரி கசியும்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள். "எனக்கும் தெரியும். அழைப்புல நீங்கதானே எழுதியிருந்தீங்க. நான் படிச்சேன்."

"படிச்சுமா கொண்டுவந்தே?"

"படிச்சதாலதான் கொண்டுவந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் கட்டிலில் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"அதை அவனோடயே அனுப்பறதுக்குத்தான் வாங்கினேன். கடைசி நிமிஷத்துல குடுக்கலை. குடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? தொட்டில்ல வச்சிருப்பீங்க. அழறப்பல்லாம் அமுக்கி, தோள்ல போட்டுத் தூங்கப் பண்ணியிருப்பீங்க. அதுல ஒரு வார்த்தை இருக்கா? வெறும் முனகல். யாரு முனகறதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? தோள் உங்களுது, சத்தமும் உங்களுதுன்னுதானே நினைச்சுக்குவான்? என் பாட்டுல உங்க பிள்ளையாத் தூங்குவான். அதுக்குப் பதிலா அது செத்தே போகட்டும்னு நினைச்சேன். என் கையால தூக்கிப் போட மனசு வரலை. உங்க பெட்டில வச்சா அதுவாச் சாகும்."

அழவில்லை. கோபமாகத்தான் சொன்னாள்.

"கோடைல வந்தேனே," என்றாள், "அன்னிக்கு நாற்காலில மோதிக்கிட்டான். நான்தான் பக்கத்துல இருந்தேன், தூக்கினேன். என் கழுத்துக்கு மேல கையை நீட்டி உங்களைப் பாத்து அழுதான். நீங்க வந்து வாங்கினதும் நிறுத்திட்டான். உங்க சட்டையைப் பிடிச்சிக்கிட்டு என்னைத் திரும்பிப் பாத்தான், யாரு இவள்னு. உங்களுக்கு அது ஞாபகம்கூட இருக்காது."

எனக்கு ஞாபகம் இல்லை. அவன் தினமும் எதிலாவது மோதிக்கொள்வான், நான் தினமும் வாங்கிக்கொள்வேன்.

"என்னால முடியலை க்ரெட்சன். உங்களைப் பாத்தா எரியுது. அதான் இனிமே வரலை. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அந்த நிமிடம் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். தலை முதல் கால் வரை சந்தோஷம். அவளுக்கு என்மேல் பொறாமை! அந்தக் காதுக்கு, அந்த இடுப்புக்கு, அந்த மூன்று நாளுக்குச் சொந்தக்காரி என்னைப் பார்த்து எரிகிறாள்! பூங்காவில் அம்மா ஜாடை என்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். எல்லாம் தெரிந்து, நேரில் பார்த்து, வயிறு எரிந்து, நீதான் அவனுக்கு அம்மா என்று என்னிடம் சொன்னவள் உலகத்தில் இவள் ஒருத்திதான். பதினேழு வருடம் கழித்துப் பெட்டி சொல்ல வேண்டியதை இவள் இப்போதே சொல்லிவிட்டாள்.

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அவள் வர மாட்டாள். குரல் உள்ளே செத்துப்போகும். கொக்கிகள் போட்டாயிற்று. தூக்கி மேல்தட்டில் வைத்தால் முடிந்தது.

தூக்கவில்லை. இவள் போய்விட்டால் அதை இன்னொரு முறை யார் என்னிடம் சொல்வார்கள் என்று தோன்றியது. நல்ல எண்ணம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் எரிவதை நான் இன்னும் பார்க்க வேண்டியிருந்தது. அதோடு, கழுத்துக்கு மேல் கையை நீட்டி அழுத பிள்ளையை அவள் என்னிடம் கொடுத்தாளே, இறுக்கிப் பிடித்துக்கொள்ளாமல் கொடுத்தாளே, அதுவும் மனதில் வந்தது. நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன்.

கொக்கிகளைத் திறந்தேன். கரடியை வெளியே எடுத்து முதுகைப் பிரித்துப் பார்த்தேன். சின்ன மூடி, ஒரு திருகாணி, பக்கத்தில் பொடி எழுத்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். பாட்டரியைக் கழற்றினால் பதிவு அழியும், மாற்றிய பின் மறுபடி பதிவு செய்யவும் என்று இருந்தது.

"அப்ப பாட்டரியைக் கழட்டிட்டும் வைக்க முடியாது" என்றேன். "உள்ள வச்சாலும் சாகும். வெளில வச்சா, பாட்டரி தீர்ற வரைக்கும்தான்."

"தீந்தா மறுபடி முனகணும்."

"யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"நான் முனகட்டுமா?" என்றேன். "நல்லாவே முனகுவேன். சர்ச்ல பாடறவ."

"கூடாது." சட்டென்று வந்தது. கன்னம் சிவந்துவிட்டது. "நீங்க முனகக் கூடாது."

"அப்ப நீதான் வரணும்."

"நான் வரலைன்னு சொன்னேனே."

"சொன்னே. நீ வரலைன்னா தீந்த அன்னிக்கே நான் முனகி வச்சிடுவேன். அதுக்கப்புறம் அவன் கேக்கறது என் பாட்டு. உன் இஷ்டம்."

 அவள் உதட்டோரம் லேசாகக் கோணியது. சிரிப்பா, ஆத்திரமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"நீங்க ரொம்பக் கெட்டவங்க" என்றாள்.

"தெரியும்."

"அது என்னோடதுன்னு அவன்கிட்ட சொல்லணும். ஒவ்வொரு தடவையும்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். ஷெல்பியோடதுன்னு."

 கரடியின் முதுகை மூடிவிட்டு, சரி என்றேன்.

"பெட்டிக்கு அப்ப என்ன குடுக்கறே?" என்று கேட்டேன். அவள் சட்டையைக் குனிந்து பார்த்து, பெயர் அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். கடைக்காரர் கேட்டால் தொலைந்துவிட்டது என்று வேறு வாங்கிக்கொள்வாளாம். அதை நான் வெளிச்சத்தில் பிடித்தேன், திருப்பினேன், முகர்ந்தேன். பின்னால் இருக்கிற ஊசி துருப்பிடிக்கும், கழற்று என்றேன். அவள் பல்லால் நெம்பிக் கழற்றினாள். அட்டையைத் தனி உறையில் போட்டேன். ஒரு தாளைக் கொடுத்து, இது யார், எங்கே வேலை செய்தாள், எதற்காக இதை வைத்தாள் என்று பென்சிலில் எழுதச் சொன்னேன். அவள் எழுதும்போது நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். என் கடிதத்துக்குப் பக்கத்திலேயே வைத்து மூடினோம்.

வெளியே வந்தபோது கர்ட் எம்மெட்டைப் போர்வையில் உட்கார வைத்திருந்தான். கரடியை நான் அவன் மடியில் வைத்தேன். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்து, கடித்து, தவறி வயிற்றை அமுக்கினான். முனகல் கிளம்பியது. கண்ணை விரித்தான். மறுபடி அமுக்கினான். கண்டுபிடித்துவிட்டான், இனி விட மாட்டான்.

"அது ஷெல்பி" என்றேன் அவனிடம். கேட்கிற மாதிரி, சத்தமாகத்தான் சொன்னேன்.

ஷெல்பி வேலியோரம் காப்பிக் கோப்பையோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கரடியோடு தவழ்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். நின்றபடியே அமுக்கினான். அவளுக்கு எரிந்திருக்கும். எனக்கும் எரிந்தது.

"யாராவது அதைப் பிடுங்குங்கப்பா!" என்று ரோண்டா கத்தினாள். "இப்படி அமுக்கினா ஒரு மாசம்கூடத் தாங்காது அந்தப் பாட்டரி."

"அமுக்கட்டும், விடு" என்றேன்.